வெட்டிய கிளையில் குறைந்த தூரம் ஒளிந்திருக்குமா?

“எல்லா ஊருக்கும் போய்த் திரும்ப மிகக் குறைந்த தூர வழியைத் தேடும் பிராஞ்ச் அண்ட் பவுண்ட் முறை பல வழிகளைப் பார்க்காமலே வெட்டிவிடும், அதனால் கிடைப்பது தோராயம்தான்.”

அப்படி இல்லைங்க. காரைக்குடியில் கிளம்பி கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று டெலிவரி முடித்துத் திரும்ப 66 கி.மீ. என ஒரு சுற்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கானாடுகாத்தான் (15), அங்கிருந்து தேவகோட்டை (33) போனால் அதற்குள் 48 ஆகிவிடும். தேவகோட்டையிலிருந்து மிச்ச ஊர்களில் கிட்டத்தில் இருக்கும் கோட்டையூருக்கு 24, அப்புறம் கோட்டையூர், பள்ளத்தூர் ஒவ்வொன்றையும் விட்டுக் கிளம்ப குறைந்தது 4, ஆக என்ன செய்தாலும் 80-க்குக் கீழே இறங்காது. இந்த 80-தான் கீழ்வரம்பு, அது கையிலிருக்கும் 66-ஐ விட அதிகம், அதனால்தான் இந்தக் கிளையை வெட்டுகிறோம்.

நேரக்கெடு வைத்துப் பாதியில் நிறுத்தினால் இதுதான் குறைந்த தூரம் என்ற உத்தரவாதம் போய்விடும் என்று சிலர் சொல்வது சரி, ஆனால் அது வெட்டியதன் குற்றமில்லை. சந்தேகமிருந்தால் நான்கு ஊருக்கு 24 வரிசைதான், எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தேடலை முழுசாக முடித்து 66-தான் விடை என்று வந்த பிறகும் அதற்குக் குறைவாக ஒன்று வந்தால் கீழ்வரம்பை எங்கோ கூட்டிப் போட்டிருக்கிறீர்கள்.