கல்லறைக்குள் பிறந்த ஐந்து பிள்ளைகள்

கன்பூசியஸ் என்றால் கட்டுப்பாடு, தாவோ என்றால் சுதந்திரம் என்று இரண்டே வரியில் சீனத் தத்துவத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. நாடு குலைந்து கிடக்கும்போது அதை எங்கே பிடித்து நிமிர்த்துவது என்பதுதான் இரண்டு தரப்புக்கும் கேள்வி. பதில்தான் வேறு.

கன்பூசியஸ் பிறந்த லூ நாட்டில் ஜிசுன் என்ற அமைச்சர் குடும்பம் தன் வீட்டு முற்றத்தில் எட்டு வரிசை நடனம் ஆட வைத்தது, வரிசைக்கு எட்டுப் பேர், மொத்தம் 64 பேர். அது பேரரசருக்கு மட்டுமே உரிய மரியாதை. இதையே பொறுத்துக்கொள்ளலாம் என்றால் வேறு எதைத்தான் பொறுக்க முடியாது என்று கொதித்தார் மனிதர். ஒரு நடனத்துக்கா இவ்வளவு கோபம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் கி.மு. 517இல் லூ நாட்டுக் கோமகன் இதே குடும்பத்தை அடக்கப் போய், தோற்று, நாட்டை விட்டே ஓடினார், திரும்பி வராமல் வெளியிலேயே செத்தும் போனார். முற்றத்தில் நடந்தது வெறும் ஆட்டம் இல்லை, யார் யாருக்கு அடங்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயே மாறிவிட்டது.

சரி, சடங்கை ஒழுங்காகச் செய்தால் நாடு சரியாகிவிடுமா? மனத்தில் அன்பு இல்லாதவனுக்குச் சடங்கு எதற்கு என்று கேட்டவரும் அவரேதான். பெற்றோர் இறந்தால் மூன்று ஆண்டு துக்கம் காப்பது வழக்கம். அது அதிகம், ஓராண்டு போதும் என்று சாய் வோ என்ற சீடர் வாதாடினார். அந்தத் துக்க நாளில் நல்ல சோறு தின்று, பட்டு உடுத்தினால் உன் மனம் நிம்மதியாக இருக்குமா என்று கேட்டார் கன்பூசியஸ். இருக்கும் என்றார் சீடர். அப்படியானால் செய்துகொள் என்று விட்டுவிட்டார். சீடர் போன பிறகுதான், பிள்ளை தாய் தகப்பன் கையை விட்டு இறங்கவே மூன்று ஆண்டு ஆகிறதே, இவனுக்கு அன்பில்லையே என்று வருந்தினார். தண்டனை இல்லை, மிரட்டல் இல்லை. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது.

தாவோ தரப்பு இந்த இடத்தில்தான் அடிக்கிறது. சடங்கு என்பது நேர்மை மெலிந்துபோனதன் அடையாளம், குழப்பத்தின் தொடக்கம் என்கிறது அவர்களின் மூல நூலான தாவோ தே ஜிங்கின் 38ஆம் பகுதி. சடங்குக்காரன் செய்வான், யாரும் திருப்பிச் செய்யாவிட்டால் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர்களைப் பிடித்து இழுப்பான் என்கிறது. எவ்வளவு கூர்மையான பார்வை!

அது பலித்தும்விட்டது. பின்னாளில் சீனாவை ஆண்ட ஹான் பேரரசு கி.மு. 134இலிருந்து பெற்றோரைப் பேணுபவர்களைத் தேடி அரசுப் பதவிக்குப் பரிந்துரைக்கச் சொன்னது. துக்கம் காத்தால் வேலை என்று ஆனபின் கேட்க வேண்டுமா? ஜாவ் ஷுவான் என்ற ஒருவர் பெற்றோரைப் புதைத்த கல்லறையின் வழியை மூடாமல் அதற்குள்ளேயே குடியிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் துக்கம் காத்தார். ஊரே மெச்சியது, அதிகாரிகள் பலமுறை அழைத்தார்கள். அந்தப் பகுதியை ஆண்ட சென் ஃபான் அவரைச் சந்தித்து, பேச்சோடு பேச்சாகப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி விசாரித்தபோது குட்டு உடைந்தது. ஐந்து பிள்ளைகள், ஐந்தும் அந்தத் துக்க காலத்தில் பிறந்தவை! துக்கத்தில் இருப்பவர் மனைவியோடு சேரக் கூடாது என்பது அடிப்படை விதி. சென் ஃபான் அவரைத் தண்டித்தார்.

அப்போ தாவோ சொல்வதுபோல் சடங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு இயல்பாக இருந்துவிடலாமா? மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் ருவான் ஜி அப்படித்தான் இருந்தார். தாய் இறந்த துக்கத்தில் கறி தின்றார், குடித்தார், பிறகு ஒரே ஒரு முறை ஓலமிட்டு ரத்தம் கக்கினார் என்கிறார்கள். அந்தத் துக்கத்தைப் பொய் என்று யார் சொல்ல முடியும்? சிமா ஜாவ் என்ற ஆட்சியாளரின் விருந்தில் அவர் கறி தின்றதைப் பார்த்த ஓர் அதிகாரி, இவரை நாடு கடத்துங்கள் என்றார். சிமா ஜாவ் காப்பாற்றினார். எப்படித் தெரியுமா? உடம்பு நலிந்தவர் துக்கத்திலும் கறியும் மதுவும் கொள்ளலாம் என்று சடங்கு விதியே சொல்கிறதே என்று. அதே சிமா ஜாவ்தான் ருவான் ஜியின் நண்பர் ஷி காங்குக்கு மரண தண்டனை கொடுத்தவர்.

எனக்கு உறுத்துவது இதுதான். இயல்பாக வாழ்வது, மேலே இருப்பவனின் தயவு இருக்கும்வரைதான் நடக்கிறது. ருவான் ஜியிடம் கவித்துவம் இருந்தது, பெயர் இருந்தது, தப்பித்தார். தாயை இழந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற சாதாரண மனிதனுக்கு, எப்போது அழ வேண்டும், எப்போது எழுந்து சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஏதோ ஒன்று வேண்டும். அதனால் நான் கன்பூசியஸ் பக்கம்தான், ஆனால் சாய் வோவை வற்புறுத்தாமல் போகவிட்ட கன்பூசியஸின் பக்கம். சடங்குக்குப் பரிசு கொடுக்கும் அரசின் பக்கம் அல்ல. அதை உரித்துக்காட்டத் தாவோக்காரர்கள் எந்தக் காலத்திலும் தேவை.

ருவான் ஜியின் மகன் வளர்ந்ததும் தானும் அப்பாவைப்போல் வாழ ஆசைப்பட்டான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நம் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவன் இந்த வழிக்கு வந்துவிட்டான், நீ வர வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.