கேபிளை மாற்றிப் போட்டவர் ஒரு கோடு போட்டிருக்கக் கூடாதா?

வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன். நேற்று நைட் ஷிஃப்டில் ஃபைபர் லிங்க் ஒன்று போய்விட்டது. எங்கள் டெக்னீஷியன் கையில் இருந்த ரூட் டிராயிங், அம்மோனியா பிரிண்ட் எடுத்து வருஷக்கணக்கில் வெளிச்சம் படச் சுவரில் மாட்டியிருந்த தாள். அந்த மாதிரி பிரிண்ட் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் எவரும் கழற்றவில்லை. கேபிளை ஒட்டி வைத்திருக்கும் ஜாயிண்ட் சேம்பர்களுக்கு இடையே எழுதிய தூரமெல்லாம் மஞ்சள் கறையாகக் கிடக்கிறது.

ஃபைபருக்குள் ஒளியை விட்டுத் தூரம் அளக்கும் ஓடிடிஆர் வைத்துப் பார்த்தால் 2,340 மீட்டரில் ஃபைபர் அறுந்திருக்கிறது. இதைக் கேட்டவுடன் "அப்போ 2,340 மீட்டர் நடந்து போய்த் தோண்டு" என்று போனில் சொல்கிறார் ஒரு மேலதிகாரி! அது ஃபைபரின் நீளம் சார், தரையின் நீளம் இல்லை. ஒவ்வொரு ஜாயிண்டிலும் இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்திருப்போம், அதெல்லாம் அந்தக் கணக்குக்குள்ளே இருக்கிறது.

எங்கள் டெக்னீஷியன் அப்படி நடக்கவில்லை. தெரிந்த ஜாயிண்டிலிருந்து அளப்பதுதான் சரி. ஓடிடிஆர் வரைந்து காட்டும் டிரேஸில் ஜாயிண்ட் ஒரு சின்னப் படியாகத் தெரியும்; 1,890-இல் ஒரு படி, அது மூன்றாவது சேம்பர். மீதி 450, அந்தச் சேம்பரில் சுருட்டியிருக்கும் 10 மீட்டரைக் கழித்தால் 440. டிராயிங்கில் ரோட்டோரம் நேராகப் போகும் கோட்டின் மேலேயே அளவுச் சக்கரத்தை உருட்டிப் போனார். 440-இல் மண் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, தோண்டிய தடமே இல்லை.

அங்கேயே கடப்பாறையைப் போடாமல் டிரேஸைத் திரும்பப் பார்த்தாரே, அதுதான் தொழில் தெரிந்த கை. 2,110-இல் இன்னொரு படி, அந்த இடத்தில் டிராயிங்கில் ஜாயிண்டே கிடையாது! அப்படியென்றால் யாரோ கேபிளை வெட்டி, ஒட்டி, வேறு வழியில் திருப்பியிருக்கிறார்கள். அதிலும் 20 மீட்டர் சுருள் இருக்கும், ஆகத் தரையில் 420 தான், அதுவும் எந்தத் திசையில் என்று தெரியாது. கேபிளின் இரும்புக் கவசத்தில் டோன் சிக்னல் ஏற்றி, அதைப் பிடித்துச் சத்தம் போடும் லொக்கேட்டரைத் தரையோடு பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். புதைத்து வைத்த அந்த ஜாயிண்டைத் தாண்டியதும் சத்தம் ரோட்டை விட்டு விலகி, பாலத்துக்குப் பின்பக்கமாக வளைந்து போகிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது மாற்றியிருக்கிறார்கள். அந்த வளைவில் புதிதாகக் கம்பம் நட்ட குழி, அதற்குள் அறுந்த கேபிள். குழி தோண்டியவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்குக் கொடுத்ததும் இதே டிராயிங்தானே!

ஒட்டி முடித்தவுடன் மாற்று வழியைச் சிவப்புப் பேனாவால் அதே தாளில் குறித்து, பாலத்துச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் எழுதினார். காலையில் ஆபீஸில் முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நேரம். அடுத்தது, ஒரிஜினல் டிராயிங்கில் யாரைக் கேட்டுக் கிறுக்கினாய். கேபிளைத் திருப்பிவிட்டு ஒரு கோடுகூடப் போடாமல் பில் வாங்கிக்கொண்டு போனவரிடம் இதில் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா?