நூறு விழுக்காடு நிரம்பிய படிவம்

ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் நான் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். மூன்று தியேட்டர்கள், நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கேஸ்கள், செவிலியரும் டெக்னீஷியன்களுமாகப் பதினெட்டுப் பேர். அண்மையில் வேறோர் ஊரில் இதே பொறுப்பை ஏற்ற என் தோழி, புதிய நடைமுறையை நேருக்கு நேர் மறுப்பவர்களைச் சமாளித்துவிடலாம், "சரிங்க சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டுப் பழையபடியே வேலை செய்கிறவர்களை என்ன செய்வது என்று கேட்டாள். அவளுக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்களிடம் வந்த புதிய நடைமுறை, உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். பத்தொன்பது கேள்விகள், மூன்று நிறுத்தங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் 'சைன் இன்', தோலில் கத்தி வைப்பதற்கு முன் 'டைம் அவுட்', நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன் 'சைன் அவுட்'. நோயாளியின் பெயர், எந்தப் பக்கம், என்ன அறுவை, ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, இரத்தம் ஒற்றும் மாப்பும் ஊசியும் கணக்குச் சரியா என்று ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் சில நிமிட வேலை. தர மதிப்பீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள் என்பதால் எங்கள் நிர்வாகம் இதை அவசரமாகக் கொண்டுவந்தது. படிவங்களை அச்சடித்து என் மேசையில் வைத்துவிட்டு, மாதம் முடிந்ததும் எத்தனை விழுக்காடு நிரப்பப்பட்டிருக்கிறது என்று கேட்டது.

முதல் மாதம் நூறு விழுக்காடு. நான் பெருமைப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெருமை ஓர் ஒற்றைத் தாளில் உடைந்தது. பித்தப்பை அறுவைக்கு வந்த ஒரு நோயாளி, காலையில் ஒரு டம்ளர் பால் காபி குடித்துவிட்டதாகத் தியேட்டர் மேசையில் படுத்தபடி சொன்னதால், மயக்க மருத்துவர் அன்றைக்கு அந்தக் கேஸை நிறுத்திவிட்டார். நோயாளி வார்டுக்குத் திரும்பிப் போனார். மறுநாள்தான் அறுவை நடந்தது. மாத இறுதியில் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபோது, நடக்காமல் போன அந்த முதல் நாள் படிவம் முழுமையாக நிரம்பி இருப்பதைக் கண்டேன். மாப் கணக்குச் சரி என்று டிக். வெட்டி எடுத்த பித்தப்பைக்கு லேபிள் ஒட்டியாயிற்று என்று டிக். பித்தப்பையோ நோயாளியின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

அதன் பிறகு மற்றப் படிவங்களையும் வேறு கண்ணோடு பார்த்தேன். மூன்று நிறுத்தங்களுக்கும் இடையில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருக்க வேண்டும். ஆனால் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தத்தில் மூன்று பத்திகளிலும் டிக்குகள் வரிசையாக இறங்கின. ஷிப்ட் மாறிய கேஸ்களிலும் கையெழுத்து மாறவில்லை. காலையிலேயே அன்றைய படிவங்களை எல்லாம் யாரோ உட்கார்ந்து முடித்துவைத்திருக்கிறார்கள். மௌனமான மறுப்பைக் கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் நிரம்பாத தாளைத் தேடக் கூடாது, குறையே இல்லாமல் நிரம்பிய தாளைத் தேட வேண்டும் என்று என் தோழியிடம் சொன்னது இதனால்தான். உண்மையாகச் செய்யப்படும் வேலையில் அங்கங்கே ஒரு விடுபடலும் ஓர் அடித்தலும் இருக்கும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதைக் கட்டாயமாக்கியது. அங்கே மருத்துவமனைகள் தாமே அளித்த கணக்குப்படி ஏறத்தாழ எல்லா அறுவைகளிலும் பட்டியல் பின்பற்றப்பட்டது. ஆனால் நூற்றொரு மருத்துவமனைகளைப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், இறப்பில் சொல்லத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை. காரணம் என்ன என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் மேசையில் இருந்த அந்தப் பித்தப்பைப் படிவத்தைப் பார்த்த எனக்கு ஒரு காரணம் விளங்கியது.

அன்று மாலையே எல்லாரையும் கூட்டிக் கண்டிக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நல்லவேளையாகச் செய்யவில்லை; கண்டித்திருந்தால் அடுத்த மாதத்திலிருந்து இரண்டு நிறப் பேனாக்களில் பொய் எழுதக் கற்றுக்கொண்டிருப்பார்கள். படிவத்தில் என்ன கோளாறு என்று பார்க்க வந்திருக்கிறேன், ஆட்களைக் குறிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் தியேட்டர் மூலையில் நின்றேன். முதல் மூன்று நாட்கள் எல்லாரும் எனக்காக நடித்தார்கள். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு பார்த்த நாற்பது கேஸ்களில் ஒன்றே ஒன்றை மட்டும் குறித்தேன்: டைம் அவுட் படிக்கும்போது எல்லாருடைய கைகளும் நின்றனவா? ஒன்பதில் நின்றன.

நாற்பதில் ஒன்பது என்ற எண்ணோடு, எங்கள் குழுவிலேயே மூத்தவரான ஒரு செவிலியரிடம் தேநீர் நேரத்தில் தனியாக உட்கார்ந்தேன். பதவியில் நான் மேலே என்றாலும் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். காலையில் படிவங்களை முடித்துவைப்பவர் அவர்தான் என்று எனக்கு அப்போது தெரியும். அதைச் சொல்லாமல், இந்தப் பட்டியலில் எந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எழுத முடியாது என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆன்டிபயாடிக் கேள்வி. அறுபது நிமிடத்துக்குள் போட்டீர்களா என்று கேட்கிறது. இங்கே எல்லாருக்கும் காலை ஏழு மணிக்கு வார்டிலேயே போட்டுவிடுகிறார்கள். பதினோரு மணி கேஸுக்கு நான் என்ன எழுத? இல்லை என்று எழுதினால் வார்டு சிஸ்டர் சண்டைக்கு வருவார், டாக்டர் என்னைக் கேட்பார். டிக் போட்டுவிட்டால் யாரும் கேட்பதில்லை."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தோலைக் கீறும் நேரத்தில் திசுவில் மருந்தின் அளவு போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அறுபது நிமிடம். செஃபசோலின் போன்ற மருந்தை ஏழு மணிக்குப் போட்டு, பதினோரு மணிக்குக் கீறினால் அதன் பெரும்பங்கு உடலை விட்டுப் போயிருக்கும். அக்காவுக்கு இது எனக்கு முன்பே தெரியும். உண்மையாக நிரப்ப முடியாத ஒரு கட்டத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, பொய்யாக நிரப்புகிறார் என்று நான் குறைபட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கட்டத்தில் பொய் சொல்லப் பழகிய கை மற்றப் பதினெட்டிலும் தயங்குவதில்லை.

எனவே பட்டியலைத் தொடாமல் மருந்தைத் தொட்டோம். மயக்க மருத்துவர்களிடமும் வார்டுப் பொறுப்பாளரிடமும் பேசி, ஆன்டிபயாடிக் குப்பி கேஸ் ஷீட்டோடு தியேட்டருக்கு வர வேண்டும், மயக்கம் கொடுக்கும் நேரத்தில் அங்கேயே போட வேண்டும் என்று மாற்றினோம். வார்டுப் பொறுப்பாளர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். காலை ஏழு மணி நெருக்கடியில் ஒரு வேலை குறைந்ததே என்று அவர் மகிழ்ந்தார். ஒப்புக்கொள்ள வைக்க மூன்று நாள், குப்பிகள் ஒழுங்காக வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மாற்றத்துக்குப் பிறகு அக்கா காலையில் படிவம் நிரப்புவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

இளைய செவிலியர்களின் தயக்கம் வேறு வகை. டைம் அவுட்டில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் கத்தி பிடிக்கும் ஒரு சீனியர் சர்ஜனிடம், பணியில் சேர்ந்து ஆறு மாதமான பெண் "சார், உங்கள் பெயர்?" என்று கேட்டால் தியேட்டரே சிரிக்கிறது, மறுநாள் அவள் அந்த வரியை விழுங்கிவிடுகிறாள், அதற்கு மறுநாள் முழுப் பத்தியையும். பட்டியலை வகுத்தவர்களே இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: ஒருவரையொருவர் நன்கு அறிந்த குழுவாக இருந்தால், எல்லாரும் அறிமுகமானவர்கள் என்று உறுதிசெய்தால் போதும், புதிதாக வந்தவர் மட்டும் சொல்ல வேண்டும். நாங்கள் வெள்ளைப் பலகையில் அன்றைய பெயர்களைக் காலையிலேயே எழுதிவைத்தோம். வாய்விட்டுக் கேட்பது, புதிய பயிற்சி மருத்துவரோ வெளியிலிருந்து வரும் சர்ஜனோ இருக்கும் நாளில் மட்டும்.

கைகள் நிற்கவில்லை என்பது இன்னும் மிச்சம் இருந்தது. படிப்பவர், அறுவையில் கை வைக்காமல் சுற்றி நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸ். அவர் குரலை யாரும் பொருட்படுத்துவதில்லை. இதற்கு வழி சொன்னவரும் அக்காதான். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸின் மேசையில் கத்தியை ஒரு பச்சைத் துணியால் மூடி வைப்போம், டைம் அவுட் முடிந்த பிறகுதான் துணியை எடுப்போம் என்றார். சர்ஜன் கை நீட்டும்போது கத்தி வராது. வாதம் எதுவும் தேவையில்லை, துணி மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் துணியின் பொறுப்பை அக்காவிடமே கொடுத்தேன். முதலில் எலும்பு அறுவைத் தியேட்டரில் மட்டும், ஒரு மாதம். பக்கம் மாறினால் என்னவாகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன், அது பலித்தது. பிறகு மற்ற இரண்டு தியேட்டர்களும் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டன என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒன்று கேட்டது, இன்னொன்றில் நான் வற்புறுத்த வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் என் குழுவில் இல்லை, அவர்களுக்கு நான் ஆணையிட முடியாது. ஒரு சர்ஜனிடம் மட்டும், டைம் அவுட்டில் எவ்வளவு நேரம் ஆகும், இரத்தம் எவ்வளவு போகக்கூடும் என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள் சார், அதை வைத்துத்தான் இரண்டாவது யூனிட் இரத்தத்தை வரவழைக்கலாமா என்று நாங்கள் முடிவுசெய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். அவர் பேசும்போது மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இன்னொருவர் இன்றும் படிக்கும்போது கைகழுவும் இடத்தில்தான் நிற்கிறார். அவருக்குத் துணி மட்டும்தான் தடை. அதற்கு மேல் அவரிடம் எனக்கு வழி எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது நாற்பதில் முப்பத்தொன்றில் கைகள் நிற்கின்றன. படிவ விழுக்காடு தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கிவிட்டது. ஏன் குறைந்தது என்று நிர்வாகம் கேட்டபோது அந்தப் பித்தப்பைத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

தேறாமல் இருப்பது சைன் அவுட். வயிற்றை மூடும் வேலையை உதவி மருத்துவரிடம் விட்டுவிட்டுச் சர்ஜன் அடுத்த தியேட்டருக்குப் போய்விடுகிறார், நாங்கள் சுவரைப் பார்த்துப் படிக்கிறோம். சர்ஜன் கையுறையைக் கழற்றுவதற்கு முன்பே, மாப் எண்ணி முடித்த அந்த நிமிடத்தில், நோயறிதலுக்கு அனுப்பும் திசுவின் லேபிளை அவர் காதில் விழும்படி படித்துவிடலாம் என்று ஓர் இளைய செவிலியர் சொல்லியிருக்கிறாள். வருகிற திங்கள் முதல் இரண்டாம் தியேட்டரில் பார்க்கப்போகிறோம்.