அப்பாவின் லேத் பட்டறையை எந்தக் கடிதத்தில் வைப்பது?

அண்ணன் மகள் போன மாதம் இரண்டு வேலைக்கு விண்ணப்பித்தாள். ஒன்று, பம்பு உதிரிகளை வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் குவாலிட்டி இன்ஜினியர் வேலை. இன்னொன்று, சிறு பட்டறைக்காரர்களுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் பயிற்சியாளர் வேலை. அனுப்புவதற்கு முன் கவரிங் லெட்டரை என்னிடம் காட்டினாள். இரண்டுக்கும் ஒரே கடிதம்தான். மேலே இருந்த பெயர் மட்டும் வேறு.

நான் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவில் விண்ணப்பங்களைப் பிரித்துக் கொடுத்தவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. ஒரு கடிதத்தைக் கதையோடு தொடங்கலாமா, நேராக விஷயத்தோடு தொடங்கலாமா என்பது எழுதுகிறவரின் ரசனையைப் பொறுத்தது அல்ல. அந்தக் கடிதத்தை முதலில் கையில் எடுப்பவர் எந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அதை முடிவு செய்கிறது.

அவள் கடிதம் ஒரு கதையோடு தொடங்கியது. 2012, கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத காலம். கோவை கணபதியில் அண்ணனுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. செய்து அனுப்பிய 400 புஷ், அதாவது நடுவில் துளையுள்ள உருளைகள், மொத்தமாகத் திரும்பி வந்தது. தேய்ந்துபோன வெர்னியர் அளவுகோலை நம்பியதால் துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. துளை சிறிதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம். பெரிதாகிவிட்டால் அது பழைய இரும்புதான். பக்கத்துப் பட்டறையில் துளையை அளக்கும் போர் கேஜ் இரவல் வாங்கி, எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அப்பாவும் மகளும் விடிய விடிய ஒவ்வொன்றாக அளந்தார்கள். தேறியது 110.

உண்மையான கதை. நன்றாகவும் எழுதியிருந்தாள். படிக்கும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ஆனாலும் ஃபவுண்டரிக் கடிதத்திலிருந்து அதை எடுத்துவிடச் சொன்னேன்.

“எதுக்குங்க சித்தப்பா? இதைப் படிச்சா நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்னு புரியுமில்லீங்க?”

“புரியும் கண்ணு. ஆனா அவங்க அதை இன்னும் கேக்கவே இல்லையே.”

அந்த ஃபவுண்டரியின் விளம்பரத்தில் இருந்தவை இவைதான்: வார்ப்புத் துறையில் மூன்று வருட அனுபவம், வாகன உதிரித் துறையின் தர விதிமுறையான ஐ.ஏ.டி.எஃப். 16949 பழக்கம், உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பம் ஹெச்.ஆரின் பொது மின்னஞ்சலுக்குப் போகிறது. அங்கே அதைத் திறப்பவர் ஒரு இளம் எக்ஸிகியூட்டிவ். பாதி நேரம் போனில்தான் பார்ப்பார். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அந்த முதல் ஓரிரு வரிதான் தெரியும். அந்த இடத்தில் “அன்று இரவும் கரண்ட் இல்லை” என்று இருந்தால், இது விண்ணப்பமா வேறு ஏதாவதா என்றே அவருக்குப் பிடிபடாது. அவர் தேடுவது அனுபவம், ஊர், நோட்டீஸ் காலம், இந்த மூன்றும்தான். அது கிடைத்தால் குவாலிட்டி ஹெட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த ஹெட்டுக்கு இருப்பது வேறு கேள்வி: என் ரிஜெக்‌ஷனை இவர் குறைப்பாரா?

எனவே அந்தக் கடிதத்தை இப்படித் தொடங்கினோம் (அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்): “குவாலிட்டி இன்ஜினியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். கிரீன் சாண்ட் ஃபவுண்டரி ஒன்றில் ஐந்து வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்திருக்கிறேன். கோவையில்தான் இருக்கிறேன், 30 நாள் நோட்டீஸில் சேர முடியும். கடந்த வருடம் புளோ ஹோல் ரிஜெக்‌ஷன் 6 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதத்துக்கு இறங்கியதில் என் வேலை இருக்கிறது.”

அடுத்த பத்தியில் அது எப்படி நடந்தது என்று எழுதச் சொன்னேன். மழைக்காலத்தில் காலை ஷிஃப்டின் முதல் வார்ப்புகளில்தான் ஓட்டை அதிகம் விழுந்தது. வார்ப்பு அச்சு செய்யும் மணலின் ஈரத்தை ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தடவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மணிக்கு ஒரு தடவை பார்த்தாள். 3.5 சதவீதத்தில் இருக்கவேண்டிய ஈரம் காலையில் 4.5-ஐத் தாண்டியிருந்தது. ஈரம் கூடினால் உருக்கிய இரும்பை ஊற்றும்போது ஆவி கிளம்பும். அது வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் ஓட்டையாக நின்றுவிடும். மிக்ஸரில் விடும் தண்ணீரைக் காலையில் குறைத்தார்கள். இதுவும் ஒரு கதைதான் என்றாள் அவள். சரிதான். ஆனால் இந்தக் கதை குவாலிட்டி ஹெட்டின் கேள்விக்குப் பதிலாக வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். நேராகத் தொடங்குவது என்றால் “தங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன், விண்ணப்பிக்க விரும்புகிறேன், நான் கடின உழைப்பாளி” என்று எழுதுவதல்ல. நான் பிரித்த கடிதங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. வரிகள் நேராக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதற்கு லேத் பட்டறைக் கதையே எவ்வளவோ மேல்.

அறக்கட்டளைக் கடிதத்தில் கதையை அப்படியே வைக்கச் சொன்னேன். அங்கே விண்ணப்பத்தைப் படிப்பவர் அதை நடத்தும் அம்மாவேதான். விளம்பரத்தில் அவர் பெயரும் மின்னஞ்சலும் இருந்தன. “ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள்” என்று அவரே கேட்டிருந்தார். இன்ஜினியரிங் படித்தவர்கள் அவருக்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள். அவருடைய கவலை வேறு. இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவர் இந்தப் பெண் சொல்வதைக் கேட்பாரா, இவள் ஆறு மாதத்தில் பெரிய கம்பெனிக்கு ஓடிவிடுவாளா? 110 புஷ் தேறிய அந்த இரவு இரண்டுக்கும் பதில் சொல்கிறது. சம்பளப் பட்டியலோ சான்றிதழோ அதைச் சொல்லாது.

அங்கேயும் கதையை வெட்டினோம். ஒரு பக்கம் இருந்ததை ஐந்து வரியாக்கினோம். மழை, வெளவால், அப்பாவின் கண்ணீர் எல்லாம் போனது. தேய்ந்த வெர்னியர், இரவல் போர் கேஜ், 110 என்ற கணக்கு நின்றது. அடுத்த வரியே, “பட்டறைக்காரருக்கு நான் முதலில் சொல்லித்தர நினைப்பது, அளக்கும் கருவியைச் சரிபார்ப்பது” என்று வேலைக்கு வந்துவிட்டது. கதையை மூடிவிட்டுப் படித்துப் பார்த்தோம். அந்த வரிக்கு அடியில் இருந்த பலம் போய்விட்டது. அப்படிப் போனால்தான் கதைக்கு அங்கே வேலை இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்வேன். “சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் பார்ப்பேன்” என்பதை எடுத்துவிட்டால் எந்தக் கடிதத்துக்கும் ஒரு குறையும் வராது.

மேற்படிப்புக்கு எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுநிலை விண்ணப்பத்தில் நோக்க அறிக்கை தனி, சொந்த வரலாற்று அறிக்கை தனி. இரண்டும் வேறு கேள்விகள் என்று அவர்களே பிரித்துக் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் முதல் அறிக்கையின் பாதியைத் தாத்தா கதையில் செலவழித்துவிட்டு, எந்த ஆய்வு, யாரோடு, என்ன முன்தயாரிப்பு என்பதைக் கடைசி நாலு வரியில் திணிக்கிறார்கள்.

இரண்டு இடத்திலிருந்தும் அவளை அழைத்தார்கள். ஃபவுண்டரியில் குவாலிட்டி ஹெட் மணலின் ஈரத்தைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டாராம். எழுந்துகொள்ளும்போதுதான், “ஏம்மா குவாலிட்டிக்கு வந்தே?” என்றாராம். அப்போது பட்டறைக் கதையைச் சொன்னாளாம்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. விலை குறைந்த அளவுக்கருவிகள் செய்து சிறு பட்டறைகளுக்கு விற்கும் ஒரு புதுக் கம்பெனி. வேலை இன்ஜினியர் வேலை, படிப்பவர் கம்பெனியைத் தொடங்கியவரே. நான் நேராகத் தொடங்கச் சொல்கிறேன்; தயாரிப்பு வேலைக்கு ஆள் தேடுகிறவர் முதலில் கைவேலையைத்தான் பார்ப்பார் என்பது என் எண்ணம். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அவர் விக்கப்போறதே எங்கப்பா மாதிரி ஆளுக்குத்தானுங்களே சித்தப்பா. தேஞ்ச வெர்னியரைப் பத்தி அவருக்கு வேற யாரு எழுதுவா?” என்கிறாள். இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் அந்தக் கடிதத்தைத் தட்டச்சிடுகிறாள். முதல் வரி வெர்னியர்தான்.