ஷேடோயிங்கில் ஆடியோ நிற்காது

ஆங்கிலப் பேச்சுக்குச் செய்யும் ஷேடோயிங் பயிற்சி பற்றி மட்டக்களப்பு அண்ணன் ஒருவர் சொன்னது: “ஷேடோயிங் என்றால், ஒவ்வொரு வசனத்துக்கும் ஆடியோவை நிறுத்திவிட்டுத் திருப்பிச் சொல்வதுதான்.”

அண்ணன், அதுவும் நல்ல பயிற்சிதான், உச்சரிப்புக்கு உதவும். ஆனால் ஷேடோயிங்கில் ஆடியோ ஓடிக்கொண்டே இருக்கும். பேசுபவருக்கு அரை வினாடி பின்னால் நாமும் சொல்லிக்கொண்டு போகவேண்டும். நிறுத்தினால் சொற்கள் ஞாபகத்தில் நிற்கும், ஆனால் ஏற்ற இறக்கம் நம்முடையதாகிவிடும். ‘ஐ வாண்ட் டு கோ டு த மார்கெட்’ என்பதில் ஆங்கிலேயர் ‘டு’, ‘த’ இரண்டையும் பாதி விழுங்கி, ‘மார்’ என்பதில் அழுத்துவார். நாங்கள் ஆறுதலாக எல்லாவற்றையும் ஒரே கனத்தில் சொல்லுவோம். அவர் பின்னால் ஓடும்போது அதற்கு நேரம் கிடைக்காது.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, இன்னொரு போனில் உங்கள் குரலைப் பதியுங்கள். ஒரே அரை நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் சொல்லி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். நிறுத்திச் சொன்னதில் வசனங்கள் அநேகமாக நீண்டிருக்கும்.

செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து சொல்லும்போது நாக்குப் பிரளுது என்ற கல்முனைத் தங்கச்சிக்கு: ஆடியோவின் வேகத்தை மிகக் குறைத்தால் தாளமே இழுபடும். முதலில் எழுத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள், அல்லது ஆறுதலாகப் பேசுபவரைத் தேடுங்கள். எழுத்தை எப்போது விடுவது என்பதில் பயிற்றுநர்களிடையே ஒரே கருத்து இல்லை.