பெரியம்மா போட்ட LOL

எதைப் பற்றிச் சொல்ல வருகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஸ்கிரீன்ஷொட் களுவாஞ்சிகுடியில் கிளம்பி, கல்முனைக்குப் போய், டொரொண்டோவில் இருக்கிற மச்சான் வழியாக நேற்று ராத்திரி எனக்கே திரும்பி வந்துவிட்டது. மரண அறிவித்தல். அதற்குக் கீழே பெரியம்மாவின் பெயர், பக்கத்தில் LOL. அதற்கும் மேலே, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்களை எவனோ ஒரு கெட்டிக்காரன் ஒட்டியிருக்கிறான். ஆறு முகம். எண்ணிப் பார்த்தேன்.

LOL என்றால் சத்தமாகச் சிரிப்பது. ஆனால் பெரியம்மா சிரிக்கவில்லை. செத்தது அவவோடு ஒன்றாகப் படித்த சிநேகிதியின் புருஷன். செத்த வீட்டுக்குப் போய் விடியும்வரை இருந்துவிட்டு வந்த மனுசி அவ.

ஏன் போட்டீங்கள் என்று நான் கேட்டேன். சுற்றி அனுப்பிய ஒருத்தரும் கேட்கவில்லை. "லண்டன்ல இருக்கிற பேத்தி ஒவ்வொரு மெசேஜ் முடிவிலயும் அதத்தானே மனே போடுறாள். அன்புடன் எண்டு சொல்றதாக்கும் எண்டு நினைச்சன்" என்றா. இதில் என்ன பிழை? கடிதத்தின் கடைசி வரியில் நாம் எதை எழுதி வளர்ந்தோம்? இருக்கிற இடத்தை வைத்துப் பொருளை ஊகித்திருக்கிறா. புது மொழி படிக்கிற எவரும் செய்கிற வேலைதான் இது.

இதே பிழையை ஈட்டனிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்த ஒருவரும் விட்டிருக்கிறார். பெயர் டேவிட் கமரூன், அப்போது பிரித்தானியப் பிரதமர். அவர் தனக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளின் முடிவில் சிலவேளை LOL போடுவார், 'நிறைய அன்பு' என்று நினைத்துக்கொண்டு போடுவார், அது சத்தமாகச் சிரிப்பது என்று சொன்ன பிறகு நிறுத்திவிட்டார் என்று பத்திரிகை ஆசிரியராக இருந்த ரெபெக்கா புரூக்ஸ் 2012 மே மாதம், பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவிசன் விசாரணையில் சாட்சியம் சொன்னார். பிரதமருக்கு வந்தால் செய்தி, பெரியம்மாவுக்கு வந்தால் மீம். நல்லது.

இந்த மூன்று எழுத்தும் நேற்றுப் பிறந்ததல்ல. 1980களில் கனடாவின் கல்கரியில், தொலைபேசி இணைப்பில் கணினியைப் பொருத்தி அரட்டையடித்த ஒரு சிறு கூட்டத்தில் தான்தான் அதை முதலில் எழுதினேன் என்று வெயின் பியர்சன் என்பவர் சொல்கிறார். அந்த அரட்டையின் பதிவு கிடையாது, ஆகவே நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் 1989 மே மாதத்து 'ஃபிடோநியூஸ்' என்ற கணினிச் செய்தி மடலில் அது எழுத்தாகவே இருக்கிறது. OMG இன்னும் பழசு. 1917இல் பிஷர் என்ற கிழட்டுப் பிரித்தானியக் கடற்படைத் தளபதி சேர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது, 'ஓ மை கோட்' என்ற விரிவும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அப்போது அவருக்கு 76 வயது. இளைஞர்களின் மொழியாம்!

பெரியவர்களுக்குச் சுருக்கம் விளங்காது என்று சொல்பவர்கள் ஒருதரம் எங்கட ஊரைப் பார்க்க வேண்டும். ப.நோ.கூ.ச. கடையில் அரிசி வாங்கி, க.பொ.த. எழுதி, தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு எண்ணி வளர்ந்த சனம் இது. காத்தான்குடியில் என் கூட்டாளி கடை பில்லின் தலையில் 786 என்று இருக்கும். பிஸ்மில்லா என்று தொடங்கும் ஒரு முழு வசனம் மூன்று இலக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது, யாரும் மிரளவில்லை.

அப்படியென்றால் LOL மட்டும் ஏன் இடறுகிறது? ப.நோ.கூ.ச. என்றால் என்றைக்கும் அந்தச் சங்கம்தான், அது பெயர். LOL பெயரல்ல. இன்றைக்கு அது பெரும்பாலும் சிரிப்பும் அல்ல. ஜோன் மக்வோர்ட்டர் என்ற மொழியியலாளர் 2013இலேயே சொல்லிவிட்டார்: அது இப்போது பேச்சின் தொனியைக் காட்டும் ஒரு இடைச்சொல் மாதிரி. மட்டக்களப்பாருக்கு இதை விளங்கப்படுத்த மொழியியலே தேவையில்லை. அது நம்மட 'கா'. "என்னகா, வாகா" என்கிறபோது அந்தக் 'கா'வுக்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. எடுத்துவிட்டால் வசனம் நிற்கும், ஆனால் கொஞ்சம் வறண்டுபோகும்.

பெரியம்மாவோடு அவவின் போனைத் திறந்து வைத்து இதைத்தான் செய்து பார்த்தோம். பேத்தியின் மெசேஜ் இப்படி இருந்தது:

```
Ammamma exam mudinjithu lol. tmrw call panren, ttyl
```

lol-ஐ விரலால் மறைத்து வாசிக்கச் சொன்னேன். "எக்ஸாம் முடிஞ்சிது." வசனம் நிற்கிறது, ஆகவே அது 'கா'. "அப்பாடா" என்று பெருமூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். மற்ற இரண்டும் இரண்டு சாதி. tmrw என்பது உயிரெழுத்தைக் கழற்றிய ஒற்றைச் சொல், டுமோரோ. வாயால் சொல்லிப் பார்த்தால் பிடிபட்டுவிடும், pls, msg எல்லாம் இந்தச் சாதிதான். ttyl-ஐ எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் வராது, ஏனென்றால் அது நான்கு சொல்லின் முதலெழுத்து: 'டோக் டு யூ லேட்டர்', பிறகு கதைக்கிறேன். இந்த இரண்டாவது சாதியை ஒருதரம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நீங்கள் எதையோ எழுதி, பதிலாக lol மட்டும் தனியே வந்தால் அது மெய்யான சிரிப்பாக இருக்கலாம். "இதுகூடத் தெரியாதா lol" என்று வந்தால் அது 'கா' அல்ல, நக்கல். அனுப்பியவரின் தாய்க்குக் கோல் எடுங்கள்.

"ஒரு பகிடிக்குத்தானே அண்ணன்" என்று சிலர் எழுதப் போகிறீர்கள். பகிடி என்றால் அவவிடமும் காட்டியிருக்கலாமே? சிரிக்க வைத்திருக்கலாமே? அவ இல்லாத குரூப்பில்தானே ஓடியது? அதே மரண அறிவித்தலுக்குக் கீழே நீங்கள் வரிசையாகப் போட்ட RIP லத்தீன், 'ரெக்குவியெஸ்கட் இன் பாசே'. ஆங்கிலத்திலும் அதே மூன்று எழுத்துக்குப் பொருள் பொருந்திவிட்டதால் தப்பினீர்கள். எத்தனை பேருக்கு லத்தீன் தெரியும் என்று கை தூக்கச் சொல்லவா?

"தெரியாவிட்டால் போடாமல் இருக்கலாமே" என்பதில் நியாயம் உண்டு. சாவு, வருத்தம், காசு, இந்த மூன்றுக்கும் சுருக்கம் போடாதீர்கள், தமிழில் எழுதுங்கள் அல்லது வொய்ஸ் அனுப்புங்கள் என்று அவவுக்கும் சொல்லியிருக்கிறேன். "எல்லாரும் தூய தமிழில் எழுதினால் பிரச்சினையே இல்லை" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று: பட்டன் போன் காலத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அதிலும் 'பெரியம்மா' ஐந்து எழுத்தாகத் தெரிந்தாலும் விசிறியும் கொம்பும் புள்ளியும் காலும் தனித்தனி இடம் பிடித்து ஒன்பதை விழுங்கும். சுருக்கினவன் காசில்லாமல் சுருக்கினான். விடுங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்டால், என் மகன் இரண்டு வருசமாக எனக்கு k என்று மட்டும்தான் பதில் போடுகிறான். கோபமோ என்று முதல் மாதம் முழுக்க யோசித்தேன். நித்திரை இல்லை. வெறும் 'சரி'தானாம். ஓகேயில் இரண்டு எழுத்துத்தானே இருக்கிறது, அதிலும் ஒன்றைக் கழற்றினால் மிச்சப்படுகிற நேரத்தில் என்னத்தைச் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நல்லது.

பெரியம்மா நேற்று இரவு குடும்பக் குரூப்பை விட்டுப் போய்விட்டா. காலையில் 'லெஃப்ட்' என்ற அந்தச் சாம்பல் வரியைத்தான் எல்லாரும் பார்த்தீர்கள். அதற்கு மட்டும் ஒருத்தரும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கவில்லை.

தம்பி, அந்த ஆறு முகத்தையும் ஒட்டினது நீதான் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை. பின்னேரம் அவவிட வீட்டுக்குப் போய், முன்னுக்கு நின்று கதைச்சுட்டு வா. வந்து எனக்கு அறிவி. k என்று மட்டும் போட்டுடாத.