தேர் நாலு மணிக்கு, தெரு ஒன்றரைக்கே பூட்டு

திருவிழா நோட்டீஸ் பதினாறு பக்கம். வழவழ தாள். அதில் பதினோரு பக்கம் நகைக்கடை, சிப்ஸ் கடை, கல்யாண மண்டபம். மிச்சத்தில் கணபதி ஹோமத்தில் தொடங்கி நாதஸ்வரம் யார், செண்டை யார், சத்திச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது வரை எல்லாம் உண்டு. தேரன்று மட்டும் இரண்டே வரி: "காலை 10.30க்கும் 11.30க்கும் இடையே ரதாரோஹணம். மாலை 4க்கு வடம் பிடித்தல்." சுவாமி எப்போது தேர் ஏறுவார் என்று தெரிந்துவிட்டது. நான் எப்போது காரை வெளியே எடுக்க வேண்டும்? அது பரம ரகசியம்.

பாலக்காட்டுக் கிராமத் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் தெருவுக்கு வாசல் ஒன்றுதான். மறுகோடியில் கோயில், அதற்குப் பின்னால் புழை ஓடுகிறது. வாசலில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டினால் நாற்பது வீடும் உள்ளே மாட்டின.

ஒலவக்கோட்டு ஸ்டேஷனில் மூன்று மணிக்கு அத்தை இறங்குகிறாள். நாலு மணிக்குத்தானே தேர் என்று நம்பி, ஒன்றே முக்காலுக்குக் காரை எடுத்தேன். மூங்கில் கட்டியாயிற்று. நெஞ்சில் பேட்ஜ் குத்திய ஒரு வாலண்டியர் பையன், "மாமி, வண்டி விடப் படாது" என்றான்.

"நாலு மணிக்குன்னுதானேடா போட்டிருக்கு?"

"அது தேருக்கு மாமி. ரோடு ஒன்றரைக்கே அடைச்சாச்சு."

"அதை எங்கேடா போட்டிருக்கு?"

யோசித்தான். "எல்லாருக்கும் தெரியுமே மாமி."

கமிட்டி மாமா ஒருவர் வந்தார். "சாரமில்லை, சாரமில்லை, அஞ்சு நிமிஷம்" என்றார். எதற்கு அஞ்சு நிமிஷம் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்புறம் விசாரித்தால்தான் கதை வெளியே வருகிறது. தேரின் கும்பம் தெருவைக் கடக்கும் மின்கம்பியைத் தொடும். அதனால் லைன்மேன் முன்னாலேயே வந்து கரண்டை நிறுத்திக் கம்பியைக் கழற்றுகிறார். ஏணி வைக்க இடம் வேண்டும், ஆகவே ரோடு அடைப்பு. நியாயமான காரணம்தான், யார் சண்டை போடப்போகிறார்கள்? ஆனால் லைன்மேனுக்குச் சொல்லத் தெரிந்த நேரத்தை நாற்பது வீட்டுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பன்னிரண்டு மணிக்கே காரை மெயின் ரோட்டில் விட்டிருப்பேன், ஃபிரிட்ஜில் இருந்த மாவையும் சுட்டுத் தீர்த்திருப்பேன்.

சரி, எப்போது திறப்பார்கள்? "அஞ்சரைக்குத் தேர் நிலைக்கு வந்துடும்" என்றார் மாமா. அவர் கணக்குப் போட்டதே இல்லை போல. வீட்டுக்கு வீடு தேர் நிற்கும். தேங்காய், பழத்தட்டு, அர்ச்சனை, தீபாராதனை. வீட்டுக்கு மூன்று நிமிஷம் என்றாலும் நாற்பது வீட்டுக்கு நூற்றிருபது நிமிஷம். அதிலேயே ஆறு மணி ஆகிவிட்டது. தேர் நகரும் நேரம் இதில் சேர்த்தியில்லை. எதிர்வீட்டில் நட்சத்திரம் சொல்லச் சொல்ல அமெரிக்கப் பேரக்குழந்தைகள் வரை போகும், அங்கே மட்டும் பத்து நிமிஷம்.

அடுத்தது தெருமுனைத் திருப்பம். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்து, முன்னால் வடத்தை இழுத்து, பின்னால் யானை நெற்றியால் தள்ள வேண்டும். கட்டை நழுவினால் மறுபடி முதலிலிருந்து. இந்த வருடம் ஒரு சக்கரம் சாக்கடை ஸ்லாப்பில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. போன வருடமும் அதே ஸ்லாப்தான், பெயர் எழுதி வைக்கலாம். ஐம்பது நிமிஷம் நின்றோம். தேர் நிலை சேர்ந்தபோது எட்டேகால். கம்பியை மாட்டிக் கரண்ட் வந்தது ஒன்பதரைக்கு.

கல்பாத்தித் தேருக்கு எந்த ரோடு அடைப்பு, எங்கே வண்டி நிறுத்தணும் என்று பேப்பரிலேயே வந்துவிடும். நம் தெருத் தேருக்கு அந்தப் பவிசு வேண்டாம். கடைசிக் கார் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், கரண்ட் எப்போது போகும், ராத்திரி உத்தேசமாக எப்போது திறக்கும், ஆம்புலன்ஸ் வந்தால் மூங்கிலை அவிழ்க்க யாருக்குப் போன் பண்ணணும். நாலு வரிதான். பன்னிரண்டாவது பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரரிடம் ஓரமாக ஒரு விரற்கடை இடம் கேட்டால் கொடுக்க மாட்டாரா?

அத்தை என்ன ஆனாள் என்கிறீர்களா? ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி, பெட்டியைப் பூக்கடையில் வைத்துவிட்டு, எழுபத்துநாலு வயதில் வடம் பிடித்திருக்கிறாள். எட்டரை மணிக்கு இருட்டில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து, "ஏண்டி, தேரும் அதுவுமா நீ ஆத்துக்குள்ளேயே உக்காந்துண்டிருக்கே?" என்கிறாள். சிரிப்பதா அழுவதா!

அது கிடக்கட்டும். மறுநாள் சத்தியில் பாலடைப் பிரதமன் பந்திக்கு வரும்போதே ஆறிப்போயிருந்ததே, அதை யாரும் கேட்க மாட்டீர்களா? அதுவும் மூன்றாவது பந்திக்கு இல்லவே இல்லை.